ஆயிரம் லீற்றர் தாங்கியில் உண்மையில் எத்தனை லீற்றர்? தண்ணீர் நின்றுபோகும் நாட்களுக்கான குளியலறைக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர் ஒருவர், எவ்வளவு பெரிய தண்ணீர்த் தாங்கி வைக்கலாம் என்று நாலு பேரைக் கேட்டால், மூன்று பேராவது "ஆயிரம் லீற்றர் வையுங்கோ, ரெண்டு மூண்டு நாளைக்குப் பயமில்லை" என்று சொல்லுவார்கள். அதே வீட்டில், கரண்ட் நின்ற அன்று பின்னேரமே பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வரும். தாங்கியில் பிழையில்லை, சொன்ன கணக்கில்தான் பிழை. தாங்கியின் அளவும் கைவசம் இருக்கும் தண்ணீரின் அளவும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதால் வந்த பிழை அது.

இந்தக் கட்டுரை குளியலறைக்கும் மலசலகூடத்துக்கும் வேண்டிய தண்ணீரைப் பற்றியது மட்டுமே. குடிக்கும் தண்ணீரும் சமையல் தண்ணீரும் தனியாக, மூடிய பாத்திரங்களில் இருக்கவேண்டியவை. அவற்றை இந்தக் கணக்கில் கலக்கவேண்டாம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் எடுத்துத்தான் பெரும்பாலான வீடுகள் வாழ்கின்றன. குழாய்நீர் இப்போது கூடுதலான இடங்களுக்கு வந்திருக்கிறது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. ஆனாலும் நிலத்திலிருந்து கூரைக்குத் தண்ணீரை ஏற்றுவது அனேகமான வீடுகளில் மோட்டர்தான். ஆகவே இங்கே கரண்ட் நின்றால் தண்ணீரும் நின்றதுதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது எல்லா வீட்டுக்கும் இது தெரிந்தது. அந்த வெட்டுக்காவது நேர அட்டவணை இருந்தது. மாரிக்காலப் புயலில் மரம் முறிந்து கம்பியில் விழும்போதும், மோட்டர் கொயில் எரியும்போதும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

## அரிசி வாளியைப் பாருங்கள்

வீட்டில் 20 கிலோ பிடிக்கும் அரிசி வாளி ஒன்று இருக்கிறது. அடியில் சுண்டு தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் கடைக்குப் போவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக் காலை ஊரடங்கு என்று திடீரென அறிவித்தால் அந்த வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கும்? 20 கிலோவும் இருக்கலாம், இரண்டு சுண்டும் இருக்கலாம். வாளியின் அளவை வைத்து எதையும் சொல்லமுடியாது. பக்கத்து வீட்டில் அதே அளவு வாளி. ஆனால் அரிசி பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் அவர்கள் வாங்கி நிரப்புகிறார்கள். அங்கே எந்த நாளில் ஊரடங்கு வந்தாலும் 10 கிலோ நிச்சயம்.

தண்ணீர்த் தாங்கியும் இப்படித்தான். பைப் வற்றிய பிறகு மோட்டரைப் போடும் வீட்டில் தாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிச்சயமான தண்ணீர் பூச்சியம். எந்த நேரத்தில் வழங்கல் நின்றாலும் கட்டாயம் இருக்கும் அளவுக்கு இங்கே கட்டாய இருப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மோட்டரை எந்த மட்டத்தில் போடுகிறீர்களோ, அந்த மட்டத்தில் இருக்கும் தண்ணீர்தான் உங்கள் கட்டாய இருப்பு.

இன்னொரு சொல்லும் வேண்டும். ஒருமுறை நிரப்பியதற்கும் அடுத்தமுறை நிரப்ப முடிவதற்கும் இடையில் அதிகபட்சம் எவ்வளவு காலம் போகலாம் என்பதே இடைவெளி. ஒழுங்கையின் கடைசி வீடு, பழைய மின்கம்பம், மோட்டர் திருத்துகிறவர் தூரம் என்றால் மூன்று நாள் என்று வைப்பது நியாயம். நகரத்தின் நடுவில் இருப்பவர் ஒன்றரை நாளுடன் நிறுத்தலாம்.

இவ்வளவும் சுருக்கமாக: தாங்கியின் பெயரிலுள்ள லீற்றரைக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஒரு நாளுக்கு வேண்டிய லீற்றரை இடைவெளி நாட்களால் பெருக்குங்கள். வரும் விடையைவிடக் கட்டாய இருப்பு குறையக்கூடாது.

## தாங்கிக்குள் ஒரு அளவுகோல்

உருளை வடிவத் தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் எத்தனை லீற்றர் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. தாங்கியின் உள்விட்டத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுக்கவேண்டும். 108 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தாங்கிக்கு:

```
108 × 108 × 0.785 ÷ 1000 = 9.16
```

அதாவது மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 9 லீற்றருக்குச் சற்று மேல் செலவாகியிருக்கிறது. ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் பலவற்றின் விட்டம் இதற்குக் கிட்டத்தான் வரும். ஆனால் வடிவத்துக்கு வடிவம் மாறும் என்பதால் உங்களுடையதை அளந்தே எடுங்கள்.

இனி இரண்டு இடத்தைக் கழிக்கவேண்டும். வெளிக்குழாய் தாங்கியின் அடியிலிருந்து சில சென்ரிமீற்றர் மேலேதான் இருக்கும். அதற்குக் கீழுள்ள தண்ணீர் பைப்புக்கு வராது. அது வராமல் இருப்பதும் நல்லதே, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புத் தூளும் மண்டியும் அங்கேதான் படிகின்றன. மேலே, மிதவை வால்வு மூடும் மட்டம் விளிம்புக்குக் கீழே நிற்கும். இந்த இரண்டு மட்டத்துக்கும் இடைப்பட்டதே பயன்படும் கொள்ளளவு. நம் உதாரணத் தாங்கியில் அந்த உயரம் 100 சென்ரிமீற்றர் என்றால் பயன்படுவது 916 லீற்றர். பேச்சுக்கு 900 என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 900 உம் கரண்ட் நிற்கும் நேரத்தில் பாதியாக இருந்தால் 450. ஐந்து பேர் உள்ள வீடொன்று வழமைபோலப் பாவித்தால் குளியலறைக்கு மட்டும் நாளுக்கு 600 லீற்றர் போகும் (கணக்கு கீழே வருகிறது). 450 லீற்றர் 18 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். "ரெண்டு மூண்டு நாள்" என்ற பேச்சு கரைந்துபோவது இப்படித்தான்.

## பிளஷ் எப்படி வேலை செய்கிறது

குளியலறைத் தண்ணீரில் பெரும்பங்கை எடுப்பது குளிப்பும் பிளஷும். குளிப்பை ஒரு நாள் தள்ளிப்போடலாம், பிளஷ்ஷைத் தள்ளிப்போட முடியாது. அதனால் அதன் பொறிமுறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

கொமட்டின் அடியில் குழாய் ஒரு முறை மேலே வளைந்து பிறகு கீழே இறங்குகிறது. அந்த வளைவுக்குள் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். மலக்குழியின் மணமும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். இதை நீர்ப்பூட்டு என்பார்கள். கழிவு வெளியே போகவேண்டுமானால் வளைவின் மேட்டைத் தாண்டவேண்டும். அதைத் தாண்டவைப்பது தண்ணீரின் அளவு மட்டுமல்ல, அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும்தான்.

ஜக்கால் ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பத்து லீற்றர் ஊற்றியும் கழிவு அங்கேயே மிதக்கும். ஒவ்வொரு ஜக் தண்ணீரும் மேட்டின் மேலாக அமைதியாக வழிந்து போய்விடுகிறது, எதையும் தள்ளிக்கொண்டு போவதில்லை. அதே தண்ணீரில் பாதியை ஒரே மூச்சில் கொட்டினால் எல்லாம் போய்விடும்.

செய்யும் விதம் இதுதான். இருக்கையை உயர்த்திவிட்டு, வாளியில் 6 லீற்றர் எடுத்து, கொமட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். ஒரு கை பிடியில், மறு கை வாளியின் அடியில். விளிம்பைச் சுற்றி ஊற்றாமல், நேராகத் துவாரத்தை நோக்கி, இரண்டு மூன்று செக்கனுக்குள் கொட்டுங்கள். சரியாகக் கொட்டினால் மட்டம் ஒருமுறை உயர்ந்து, "களக்" என்று இழுபட்டு இறங்கும். கடைசியில் அரை லீற்றர் அளவை மெதுவாக விடுங்கள். வேகமாகக் கொட்டும்போது நீர்ப்பூட்டுத் தண்ணீரும் சேர்ந்து போயிருக்கலாம். அதை மீண்டும் நிரப்பத்தான் இந்த அரை லீற்றர். பிறகு மணம் வந்தால் இந்தக் கடைசிப் படியை மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மட்டம் உயர்ந்து, இழுபடாமல் மெதுவாக இறங்கினால் குழாயில் அடைப்புத் தொடங்கியிருக்கிறது. உடனே அடுத்த வாளியைக் கொட்டவேண்டாம், வெளியே வழியும். மட்டம் பழைய இடத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் அடுத்தது.

சிறுநீருக்கு மட்டும் 2 லீற்றர் போதும். அது தள்ளவேண்டிய பொருள் அல்ல, பூட்டுத் தண்ணீரை மாற்றினால் சரி. குந்தியிருக்கும் வகைத் தட்டுக்கு, வளைவு ஆழங்குறைந்ததாக இருந்தால், மலத்துக்கும் 2 முதல் 3 லீற்றர் வரை போதும். இந்த விடயத்தில் பழைய குந்து மலசலகூடம்தான் கெட்டிக்காரத்தனமானது. வீட்டின் பின்பக்கத்தில் ஒன்று இன்னும் இருந்தால் அதை இடிக்காமல் வைத்திருங்கள்.

மாறாக, பழைய பிளஷ் தாங்கி ஒருமுறை அமத்தினால் 9 லீற்றர் விடும். புதிய இரட்டைப் பொத்தான் வகை பெரியதற்கு 6, சிறியதற்கு 3. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால், பிளஷ் தாங்கிக்குத் தண்ணீர் வரும் சிறு வால்வை மூடி, ஒருமுறை அமத்தி, வெறுமையான தாங்கியை ஒன்றரை லீற்றர் போத்தலால் பழைய மட்டம் வரை நிரப்புங்கள். ஆறு போத்தல் போனால் 9 லீற்றர்.

## ஐந்து பேர் வீடு: ஒரு கணக்கு

அம்மம்மா, அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் 9 லீற்றர் பிளஷ் தாங்கியுள்ள ஒரு கொமட். புயல் நாட்கள் என்பதால் எல்லோரும் முழுநாளும் வீட்டில். ஒருவர் நாளுக்கு ஒரு தரம் மலங்கழிக்கவும் நாலு தரம் சிறுநீர் கழிக்கவும் போவதாக எடுப்போம்.

வழமைபோல இருந்தால் ஒருவருக்கு ஐந்து பிளஷ், 45 லீற்றர். கழுவுவதற்கு 6 லீற்றர். பைப்பைத் திறந்துவிட்டுப் பல் தீட்டுவதும் முகம் கை கழுவுவதும் 10. சவரில் குளிப்பு, குறைவாகச் சொன்னாலும் 60. ஒருவருக்கு ஏறக்குறைய 120, ஐந்து பேருக்கு 600 லீற்றர்.

இப்போது கட்டுப்பாட்டு நாள். பிளஷ் தாங்கிக்கு வரும் வால்வை மூடிவிட்டு வாளியால் கொட்டுகிறோம். மலத்துக்கு 6 லீற்றர், கழுவ 2, ஆக 8. சிறுநீருக்கு 2, கழுவ 1, ஆக 3. நாலு தரத்துக்கு 12. மொத்தம் 20 லீற்றர். ஜக்கில் எடுத்துப் பல் தீட்டி, முகம் கை கழுவ 5. ஒருவருக்கு 25, ஐந்து பேருக்கு 125 லீற்றர். இது குறைக்கக்கூடாத பகுதி. கை கழுவும் தண்ணீரில் பிடித்தால் மூன்றாம் நாள் வீட்டில் வயிற்றோட்டம் வரும். அப்போது இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

குளிப்புக்கு ஒருவருக்கு 15 லீற்றர், அதாவது ஒரு வாளி. அள்ளி ஊற்றினால் போதும். ஐந்து பேருக்கு 75.

இடைவெளி மூன்று நாள் என்று எடுத்தால், மலசலகூடத்துக்கும் கைகழுவவும் 125 × 3 = 375 லீற்றர். மூன்று நாளில் இரண்டு நாள் குளிப்பு என்றால் 150. மொத்தம் 525 லீற்றர்.

வழமைப்படி ஒரு நாளைக்குக்கூடக் காணாத தண்ணீர் மூன்று நாளைக்குக் காணும். வித்தியாசத்தில் கால்வாசிக்கு மேல், 9 லீற்றர் பிளஷ்ஷை நிறுத்தியதால் மட்டும் வந்தது. ஆகவே கரண்ட் நீண்டநேரம் வராது என்று தெரிந்த உடனே செய்யவேண்டிய முதல் வேலை, பிளஷ் தாங்கியின் வால்வை மூடுவது. இது குளிப்பைக் குறைப்பதற்கும் முந்தியது.

## அந்த 525 லீற்றரை எங்கே வைப்பது

முதல் வழி, இருக்கும் தாங்கியிலேயே வைப்பது. 525 ஐ 9.16 ஆல் வகுத்தால் 57 சொச்சம். வெளிக்குழாயிலிருந்து 58 சென்ரிமீற்றர் மேலே ஒரு கோடு. மட்டம் அதற்கு வந்ததும் மோட்டர் போடவேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கோட்டுக்கு மேலே அன்றாடப் பாவனைக்கு மிஞ்சுவது 42 சென்ரிமீற்றர், 385 லீற்றர்தான். குளியலறைக்கே நாளுக்கு 600 போகும் வீட்டில், சமையலும் உடுப்புத் தோய்ப்பும் சேரும்போது நாளுக்கு இரண்டு தரத்துக்கு மேல் மோட்டர் போடவேண்டிவரும். மனிதர்கள் மறப்பார்கள். கோட்டில் போட்டுத் தானே நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் இல்லாமல் இந்த வழி நிலைக்காது.

இரண்டாவது வழி, தாங்கியில் இரண்டு வெளிக்குழாய் வைப்பது. கீழ்க்குழாய் மலசலகூடத்துக்கு மட்டும். சவருக்கும் குசினிக்கும் போவது அதற்கு 41 சென்ரிமீற்றர் மேலே (375 ஐ 9.16 ஆல் வகுத்தது). சவரில் தண்ணீர் நின்றவுடன் மலசலகூடத்துக்கு 375 லீற்றர் மிச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஏணி ஏறிப் பார்க்கவேண்டியதில்லை. பிளம்பரிடம் சொல்லும்போது, துளையைத் தாங்கியின் வரிகளுக்கு நடுவே தட்டையான இடத்தில் போடச் சொல்லுங்கள். வரிமேல் போட்டால் ரப்பர் வொஷர் சரியாக அமராமல் ஒழுகும். பிளஷ் வால்வை மூடுவது இங்கும் கட்டாயம். 9 லீற்றர் பிளஷ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த 375 ஒன்றேகால் நாளைக்குத்தான் வரும்.

மூன்றாவது வழி பரல். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் இரண்டை விளிம்புக்குச் சற்றுக் கீழே 190 வரை நிரப்பினால் 380. மலசலகூடப் பங்கு 375 அப்படியே அடங்கிவிடும். வீட்டில் எரிவாயுச் சிலிண்டர் இரண்டு வைத்திருப்பவர், ஒன்று தீர்ந்தவுடன் மற்றதைப் பூட்டிவிட்டு வெறுமையானதை உடனே மாற்றி எடுப்பது போன்றது இது. அடுப்பில் ஓடுவதும் கையிருப்பும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கூரைத் தாங்கி கசிந்தாலும், யாரோ பைப்பை மூட மறந்தாலும் பரலில் உள்ளது குறையாது. வாடகை வீட்டில் தாங்கியைத் துளைக்க முடியாதவருக்கு இதுதான் வழி. எந்த வீட்டுக்கும் முதலில் செய்யவேண்டியது இதுவென்பதே எங்கள் கருத்து.

"வளவில் கிணறு இருக்கு, துலாவோ கப்பியோ போட்டு அள்ளலாம்தானே" என்று கேட்பீர்கள். அள்ளலாம், அள்ளவும் வேண்டும். திறந்த கிணறு உள்ளவர் இடைவெளியை ஒரு நாளாகக் குறைத்து ஒரே பரலோடு நிறுத்தலாம். ஆனால் 125 லீற்றர் என்பது, பத்து லீற்றர் வாளியில் எட்டு எட்டு லீற்றராக எடுத்தால் பதினாறு தரம் இறைத்து, பதினாறு தரம் நடந்து வருவது. குழாய்க் கிணறு உள்ளவருக்கும், கிணற்றைக் கொங்கிறீற் தட்டால் மூடியவருக்கும், மாடியில் குடியிருப்பவருக்கும் அதுவும் இல்லை.

பாரத்தை மறக்கவேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. நிரம்பிய பரல் 200 கிலோ, நிரம்பிய ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒரு தொன். பரலை நிலமட்டத்தில், தட்டையான சீமெந்துத் தரையில் வையுங்கள். நாலு கல்லை அடுக்கி அதன்மேல் ஏற்றினால், ஒரு கல் நகர்ந்தாலும் 200 கிலோவும் சாயும். மேல்மாடியென்றால் பல்கனி விளிம்பில் வைக்காமல் சுவரோரமாக, ஒன்றுக்கொன்று விலத்தி வையுங்கள். கூரையில் இருக்கும் 500 லீற்றரை எடுத்துவிட்டு ஆயிரம் வைக்க நினைப்பவர், தாங்கும் தூணும் வளையும் அதற்குப் போதுமா என்று கட்டடம் தெரிந்தவரிடம் முதலில் காட்டவேண்டும்.

## வாளியின் அளவு

வாளியில் எழுதியிருக்கும் அளவு விளிம்புவரை நிரப்பினால் வருவது. அப்படி யாரும் தூக்கி நடப்பதில்லை. பத்தில் எட்டுப் பங்குதான் சிந்தாமல் போகும். 20 லீற்றர் வாளியில் 16, 10 லீற்றர் வாளியில் 8.

குளிக்க 20 லீற்றர் வாளி பொருத்தம், ஏனென்றால் அது இருந்த இடத்தில் இருக்கும். பிளஷ்ஷுக்கு அது பிழை. 16 கிலோவைத் தூக்கி இரண்டு செக்கனில் சரிக்க அம்மம்மாவால் முடியாது. பயந்து மெதுவாக ஊற்றுவார். ஊற்றினது எல்லாம் வீண். பிளஷ்ஷுக்கு 8 அல்லது 10 லீற்றர் வாளியை எடுங்கள். ஒன்றரை லீற்றர்ப் போத்தலால் நாலு தரம் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் உள்பக்கம் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் 6 லீற்றர். ஒரு போத்தலும் அதன் மூன்றிலொரு பங்கும் ஊற்றினால் வரும் 2 லீற்றரில் இன்னொரு கோடு. பிள்ளைகளுக்குச் "சின்னதுக்குக் கீழ்க்கோடு, பெரியதுக்கு மேற்கோடு" என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

6 கிலோவும் பாரமென்றால் வேறு வழி இருக்கிறது. பிளஷ் தாங்கியின் மூடியைத் திறந்து, ஜக்கால் மெதுவாக நிரப்பி, வழமைபோல அமத்தலாம். தள்ளும் வேகத்தைத் தாங்கியே கொடுக்கும். ஒரு தரத்துக்கு 9 லீற்றர் போகும் என்பதுதான் விலை. அவருக்கு மட்டும் நாளுக்கு ஒருதரம் அப்படி விட்டால் கணக்கில் 3 லீற்றர்தான் கூடும்.

குளித்த தண்ணீரையும் உடுப்பு அலசிய தண்ணீரையும் ஒரு பேசினில் பிடித்துப் பிளஷ்ஷுக்குக் கொட்டலாம். அதை நேரே கொமட்டுக்குள் கொட்டவேண்டும், பிளஷ் தாங்கிக்குள் விடக்கூடாது. சவர்க்காரமும் அழுக்கும் உள்ளே படிந்து ரப்பர் மூடியைக் கெடுக்கும். அன்றைக்கே கொட்டியும் விடுங்கள், அடுத்த நாள் நாறும்.

## கண்ணுக்குத் தெரியாத கசிவு

நமது சுண்ணாம்புத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படலம் விடுவதுபோலப் பிளஷ் தாங்கியின் அடி ரப்பரிலும் படியும். ரப்பர் இருக்கையில் சரியாக அமராது. சத்தமே இல்லாமல் நூல்போலத் தண்ணீர் கொமட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் இருக்கும்வரை மோட்டர் அதை மறைத்துவிடும். நின்ற பிறகுதான் "இரவு பாதி இருந்தது, விடியப் பார்த்தால் இல்லை" என்ற பேச்சு வரும்.

சோதிப்பது எளிது. வால்வை மூடிவிட்டு, பிளஷ் தாங்கிக்குள் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கீறு. ஒரு மணித்தியாலம் யாரும் பாவிக்கக்கூடாது. உள்ளளவு 35 க்கு 15 சென்ரிமீற்றர் என்றால், ஒரு சென்ரிமீற்றர் இறக்கம் அரை லீற்றர். இரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் மணிக்கு ஒரு லீற்றர், நாளுக்கு 24 லீற்றருக்கு மேல். கட்டுப்பாட்டு நாளில் ஒரு ஆளின் முழுப் பங்கு அது. ரப்பரைக் கழற்றி, படிந்ததை வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். ரப்பர் விறைத்திருந்தால் புதியது மாற்றவேண்டும்.

## மூடி, நுளம்பு, பிள்ளைகள்

சேமித்த தண்ணீர் வீட்டுக்குள் டெங்கு நுளம்பை வளர்க்கும். அந்த நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினால் முட்டை அங்கேயே இருக்கும். மட்டம் மீண்டும் தொட்டதும் பொரிக்கும். எங்கள் சூட்டில் முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். ஆகவே பரலை வாரம் ஒருமுறை பாவித்து இறக்கி, உள்சுவரைத் தும்புத்தூரிகையால் உரஞ்சி, பிறகு நிரப்புங்கள். மலசலகூடத்துக்கு அன்றாடம் பரலிலிருந்தே எடுத்தால் தண்ணீர் பழுதாகாது, மாற்றும் வேலையும் தானே நடந்துவிடும். ஆனால் அன்று குறைந்ததை அன்றிரவே நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அரிசி வாளியாகிவிடும்.

மூடி இறுக்கமாகத் திருகுவதாக இருக்கட்டும். திறந்த பரலும், தரையில் நிறைந்து கிடக்கும் குளிக்கும் வாளியும் தவழும் குழந்தைக்கு ஆபத்து. தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வரமுடியாது. குழந்தை இருக்கும் வீட்டில் வாளியில் மிச்சத் தண்ணீர் விடாதீர்கள், குளியலறைக் கதவைக் கொண்டிபோட்டே வையுங்கள்.

## கரண்ட் வந்த பிறகு

வெளிச்சம் வந்த கையோடு மோட்டரைப் போடாதீர்கள். அந்த நிமிடத்தில் ஒழுங்கை முழுவதும் மோட்டர் போடுவதால் மின்னழுத்தம் விழும். மோட்டர் சுழலாமல் உறுமிக்கொண்டு நின்றால் கொயில் சூடாகி எரியும். கால் மணித்தியாலம் பொறுத்து, மின்குமிழ் மங்காமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். உறுமல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். முதலில் தாங்கி, பிறகு பரல் இரண்டும் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை. அவை நிரம்பிய பிறகுதான் மூடிவைத்த பிளஷ் வால்வைத் திறக்கவேண்டும். அன்றிரவே கரண்ட் திரும்பப் போகலாம்.